பேசுகிற குரலுக்கு எழுத்தை இறக்குவது: அலைவடிவத்தில் தெரியும் இடைவெளியை எவ்வளவு நம்பலாம்?

"அண்ணா, வணக்கமுங்க. கோபி பக்கம் எங்க உழவர் குழுவுக்காக மஞ்சள் காய வைக்கிறதைப் பத்தி அரை நிமிஷ எழுத்து வீடியோ ஒண்ணு பண்றேனுங்க. எங்க அப்பாருதான் குரல் குடுத்திருக்காரு. அவர் பேசப் பேச வார்த்தை திரையில வரணும். அலைவடிவத்துல இடைவெளி பாத்துப் பாத்துத்தான் வெச்சேன். ஆனா சில வார்த்தை முந்திக்குது, சில வார்த்தை பிந்திக்குது. ஒரே கிளிப்புல ரெண்டும் எப்படிங்க வருது? எப்படிச் சரி பண்றது?"

தம்பி, எல்லா வார்த்தையும் ஒரே அளவு தள்ளிப் போயிருந்தால் ஹெட்போனையோ ஃபைலையோ சந்தேகப்படலாம். சிலது முந்தி, சிலது பிந்தி என்றால் கோளாறு நீங்கள் குறி வைத்த இடங்களில்தான் இருக்கும். அலைவடிவத்தில் தெரிகிற இடைவெளியை வார்த்தையின் எல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ்ப் பேச்சில் அந்தக் கணக்கு பாதி இடங்களில் தப்பும்.

முதல் காரணம் இரட்டிக்கிற வல்லினம். க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப என்று சொல்லும்போது வாய் ஒரு கணம் முழுதாக அடைபடுகிறது. மூச்சு வெளியே வராது, அதனால் சத்தமும் இருக்காது. நிதானமாகப் பேசுகிற பெரியவர்களிடம் இந்த அடைப்பு பத்தில் ஒரு நொடியையும் தாண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடுகிற வீடியோவில் அது மூன்று, நான்கு ஃப்ரேம். அலைவடிவத்தில் பார்த்தால் பேச்சை நிறுத்தி மறுபடி தொடங்கியது போலவே இருக்கும்.

உங்கள் அப்பாரு "மார்க்கெட்டுக்குப் போலாம்" என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சளைப் பற்றிய பேச்சு என்றால் எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும். அந்தத் துண்டை அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மார், கெ, டு, கு, போலாம் என்று ஐந்து திட்டு தெரியும். நடுவில் நான்கு வெற்றிடம். காதுக்கு அது இரண்டு வார்த்தை, ஒரே மூச்சு, நடுவில் நிறுத்தமே கிடையாது. இதில் "போலாம்" எங்கே தொடங்குகிறது என்று இடைவெளியை எண்ணிக் கண்டுபிடிக்கப் போனால், நான்கில் ஏதோ ஒன்றில் குறி விழும். தப்பான இடைவெளியில் விழுந்தால் கால் நொடி, அரை நொடி முன்னே பின்னே போய்விடும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிரான சங்கதி. உண்மையிலேயே ஒரு வார்த்தை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் இடைவெளியே இருக்காது. "எடுத்து ஒடச்சு" என்று எழுதுகிறோம். வாய் சொல்வது "எடுத்தொடச்சு". உயிர் வந்தால் குற்றியலுகரம் ஓடிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இங்கே படமாகவே தெரியும். "எடுத்து" என்பதன் கடைசி எழுத்தும் "ஒடச்சு" என்பதன் முதல் எழுத்தும் ஒரே திட்டுக்குள் இருக்கின்றன. இடைவெளியைத் தேடுகிற கண் அதைத் தாண்டிப் போய், "ச்சு" வருவதற்கு முன் இருக்கிற அடைப்பில் போய்க் குறி வைக்கும். அதுதான் உங்களுக்குப் பிந்துகிற வார்த்தை.

முந்துகிற வார்த்தைகள் பெரும்பாலும் ச-வில் தொடங்குபவையாக இருக்கும், சோதித்துப் பாருங்கள். "சத்தம்" என்னும்போது நம் பக்கத்தில் முதலில் ஸ் என்று காற்று சீறும், அப்புறம்தான் "அ" திறக்கும். அலைவடிவம் சீறல் தொடங்கியதுமே எழும்பிவிடும். ஆனால் காது அந்த வார்த்தை விழுந்ததாக எடுத்துக்கொள்வது உயிர் திறக்கிற இடத்தைத்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. 1976-ல் மார்ட்டன், மார்க்கஸ், ஃப்ராங்கிஷ் என்ற மூவர் இதைப் பற்றி எழுதினார்கள். எண்களைப் பேசிப் பதிவு செய்து, ஒவ்வொரு எண்ணின் ஒலியும் சம இடைவெளியில் தொடங்கும்படி அடுக்கினால், கேட்பவருக்கு அது சம தாளமாகக் கேட்பதில்லை. ஒரு அசை "விழுகிற" கணம் அதன் ஒலி தொடங்குகிற கணத்திலிருந்து வேறு. பெரும்பாலும் அது உயிரின் தொடக்கத்தை ஒட்டி இருக்கிறது. எழுத்து வீடியோ செய்கிறவர்களுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று: குறியை வார்த்தையின் முதல் ஒலியில் வைக்காதீர்கள், முதல் உயிர் திறக்கிற இடத்தில் வையுங்கள்.

ட, ப, க-வில் தொடங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெடிப்பும் உயிரும் ஒட்டியே வரும், குழப்பமே இல்லை. ம, ந-வில் தொடங்கினால் முதலில் மூக்கொலி சன்னமாக ஓடும். அதை விட்டுவிட்டு அலை தடிக்கிற இடத்தைப் பிடியுங்கள். உயிரெழுத்திலேயே தொடங்குகிற வார்த்தைக்கு முன்னால் நிறுத்தம் இருந்தால் அலை தொடங்குகிற இடமே போதும். ச மட்டும்தான் ஆளை ஏமாற்றும்.

சரி, இதை எப்படிச் செய்வது? நான் குறி வைக்கும் வேலையை வீடியோ மென்பொருளில் செய்வதில்லை. ஆடாசிட்டியில் செய்கிறேன். காசு கொடுக்க வேண்டியதில்லை, ஒலியை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். குரல் பதிவை முதலில் முழுக்கத் திருத்தி முடித்துவிடுங்கள்: இருமல், தடுமாற்றம், நீளமான மூச்சு எல்லாம் வெட்டியாகட்டும். குறி வைத்த பிறகு குரலில் அரை நொடி வெட்டினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை குறியும் நகர்ந்துவிடும்.

அப்புறம் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு துண்டு வரும்போதும் Ctrl+M அழுத்துங்கள். ஓடுகிற இடத்திலேயே ஒரு லேபிள் விழும். இது தோராயக் குறிதான். கேட்டுவிட்டு விரல் அழுத்துவதற்குள் ஐந்தில் ஒரு நொடி போய்விடும். வசனம் மனப்பாடமாக இருந்தால் விரல் முந்தவும் செய்யும். அதனால் இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு குறியையும் கையால் நகர்த்த வேண்டும். அந்தச் சுற்றுக்கு டிராக்கின் பெயரைச் சொடுக்கி Spectrogram காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ் சீறல் மேல்பக்கம் புகை மாதிரி தெரியும். உயிர் வந்ததும் கீழிருந்து பட்டை பட்டையாக அடுக்கு எழும்பும். அந்த அடுக்கு தொடங்குகிற கோட்டில் குறியை இழுத்து விடுங்கள். அலைவடிவத்தில் ஊகித்துக்கொண்டு இருந்ததை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

உங்கள் ஒலி என்னிடம் இல்லை என்பதால், இந்த மாதிரி ஒரு வசனத்தை நானே பேசிப் பதிவு செய்து பார்த்தேன்: "ஒரு வெரலிய எடுத்து ஒடச்சுப் பாருங்க. டக்குன்னு சத்தம் வந்தா மார்க்கெட்டுக்குப் போலாம்." நன்றாகக் காய்ந்த விரலி மஞ்சளை ஒடித்தால் உலோகத்தைத் தட்டியது போல ஒரு சத்தம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வீடியோவின் உயிரும் அந்த "டக்"கில்தான் இருக்கிறது. ஆடாசிட்டியில் Export Labels கொடுத்தபோது வந்தது இது:

```
0.420000	0.420000	ஒரு வெரலிய எடுத்து
1.360000	1.360000	ஒடச்சுப் பாருங்க
2.900000	2.900000	டக்குன்னு
3.620000	3.620000	சத்தம் வந்தா
4.500000	4.500000	மார்க்கெட்டுக்குப் போலாம்
```

முதல் எண் தொடக்கம், இரண்டாவது முடிவு, நொடிக் கணக்கில். புள்ளிக் குறி என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. பத்து வார்த்தையை ஐந்து துண்டாகத்தான் பிரித்திருக்கிறேன், பார்த்தீர்களா. ஆங்கில வீடியோக்களைப் பார்த்துவிட்டு வார்த்தைக்கு ஒரு குறி என்று போனால் தமிழில் பல்லிளிக்கும். "ஒரு" என்பது கால் நொடிகூட நிற்காது. "மார்க்கெட்டுக்குப்" என்பது ஒற்றை வார்த்தையாக முக்கால் நொடி ஓடும். ஒன்று மின்னி மறையும், இன்னொன்று சும்மா நின்றுகொண்டிருக்கும். எழுத்தில் விட்ட இடத்தில் வெட்டாமல், வாய் சேர்த்துச் சொல்வதைச் சேர்த்தே வையுங்கள். "ஒடச்சுப் பாருங்க" என்பதில் ப் இரட்டித்திருக்கிறது என்றால் பேசுகிறவர் அங்கே விடவில்லை என்று அர்த்தம். வலி மிகுந்த இடத்தில் துண்டு போடவே கூடாது என்பது நான் கடைப்பிடிக்கிற விதி. அரை நொடிக்கும் குறைவாக நிற்கப்போகிற துண்டு எதையும் தனியாக விடுவதும் இல்லை, பக்கத்தில் உள்ளதோடு சேர்த்துவிடுவேன்.

நம் பக்கத்துப் பேச்சில் கவனிக்க வேண்டியது அந்த "ங்க". "பாருங்க", "காயணுமுங்க" என்று கடைசி அசையை இழுத்துத்தான் முடிப்போம். இழுவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த எழுத்து வந்துவிட்டால் பெரியவர் பேச்சில் குறுக்கே விழுந்த மாதிரி இருக்கும். வேகமாகப் போக வேண்டும் என்று அந்த "ங்க"வை வெட்டி எறிகிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அப்பாருவின் குரலே அதில்தான் இருக்கிறது. எழுத்திலும் "ங்க"வை விடாமல் போடுங்கள்.

இப்போது நொடியை ஃப்ரேமாக்க வேண்டும். 25-ஆல் பெருக்குங்கள், பின்னம் வந்தால் கீழ்ப்பக்கமே முழுமையாக்குங்கள்:

```
0.42 × 25 = 10.5  → 10
1.36 × 25 = 34    → 34
2.90 × 25 = 72.5  → 72
3.62 × 25 = 90.5  → 90
4.50 × 25 = 112.5 → 112
```

இதிலிருந்து இன்னும் ஒரு ஃப்ரேம் கழித்து 9, 33, 71, 89, 111 என்று வைத்துக்கொள்வேன். ஏன் முன்பக்கமே தள்ளுகிறேன் என்றால், பார்வையும் ஒலியும் விலகும்போது இரண்டு திசையும் மனிதருக்கு ஒன்றாகப் படுவதில்லை. ஐடியூ என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காகக் கொடுத்த பரிந்துரை ஒன்று, பிடி 1359 என்பது அதன் எண், ஒலி படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலே கவனத்துக்கு வந்துவிடும் என்கிறது. பிந்துவதென்றால் 125 மில்லிநொடி வரை தெரியாது. அது தொலைக்காட்சியின் படத்துக்கும் ஒலிக்கும் சொன்ன கணக்கு, எழுத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை அதேதான். எழுத்து இரண்டு ஃப்ரேம் முந்தினால் யாருக்கும் தெரியாது. இரண்டு ஃப்ரேம் பிந்தினால் "ஏதோ சரியில்லையே" என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. "சத்தம்" போன்ற வார்த்தை உங்களுக்கு முந்தித் தெரிவதற்குக் காரணம், சீறலில் குறி வைத்ததோடு அனிமேஷனும் முன்னால் தொடங்குவது. இரண்டும் சேர்ந்து ஐந்தாறு ஃப்ரேம் ஆகிவிடுகிறது.

அனிமேஷன் என்றதும் இன்னொன்று. மேலே சொன்ன ஃப்ரேம் எண்கள் எழுத்து வந்து நிலைக்க வேண்டிய இடம், கிளம்ப வேண்டிய இடம் அல்ல. வள்ளி கும்மியில் கை தட்டுவது தாளத்தில் விழ வேண்டுமென்றால் கை அதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். எழுத்து கீழிருந்து எழும்பி வருவதற்கு 4 ஃப்ரேம் என்று வைத்திருந்தால் 5, 29, 67, 85, 107-ல் கிளம்பி 9, 33, 71, 89, 111-ல் முழு அளவில் நிற்க வேண்டும். சற்றுப் பெரிதாகிச் சுருங்கி நிற்கிற மாதிரி செய்தால், மிகப் பெரிதாக இருக்கிற ஃப்ரேம்தான் தாளத்தில் விழ வேண்டும். சுருங்குவது பின்னால் நடக்கட்டும். 10 ஃப்ரேம் எடுத்து மெல்லத் தெளிகிற மாதிரி செய்தால் எங்கே விழுந்தது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. பேச்சோடு போகிற எழுத்துக்கு அது ஒத்துவராது, பாட்டுக்கு வேண்டுமானால் சரி.

"டக்குன்னு" மட்டும் தனி. அதற்கு அனிமேஷனே வேண்டாம். "பாருங்க" என்பதன் இழுவை என் பதிவில் 58-வது ஃப்ரேம் வாக்கில் அடங்குகிறது. 60-ல் திரையைத் துடைத்துவிட்டு வெறுமையாக விடுங்கள், 71-ல் "டக்" என்று முழு அளவில், ஒரே ஃப்ரேமில் விழட்டும். அந்தப் பத்துப் பதினோரு ஃப்ரேம் வெறுமை இருந்தால்தான் விழுவது விழுந்தது போலிருக்கும். நிஜ மஞ்சள் ஒடிகிற சத்தத்தையும் சேர்க்க ஆசை வரும். சேர்ப்பதானால் குரலுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று ஃப்ரேம் வித்தியாசம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு "டக்" கேட்டு ஒரு "டக்" தெரிந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். நானாக இருந்தால் குரல் மட்டும் போதும் என்று விட்டுவிடுவேன்.

அடுத்தது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். மஞ்சளை வேக வைத்துக் காயாமலே கட்டிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிற இடத்தில் உங்கள் அப்பாரு "அப்படியே மூட்டை பிடிச்சறாதீங்க" என்று சொல்லியிருப்பார் என்று வையுங்கள். வேண்டாம் என்கிற செய்தி கடைசி வார்த்தைக்கு உள்ளே, அதுவும் பின்பாதியில் இருக்கிறது. "பிடிச்சறாதீங்க" என்ற எழுத்து "பி"யில் விழுந்த உடனேயே கண் முழு வார்த்தையையும் படித்துவிடும். காதுக்கு "றாதீங்க" வந்து சேர அரை நொடி ஆகும். தாளம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்தம் முன்கூட்டியே செலவாகிவிட்டது. எழுத்து முந்திக்கொள்வதாக நீங்கள் நினைக்கிற இடங்களில் ஒன்றிரண்டு இதுவாகவும் இருக்கலாம்.

வார்த்தையை இரண்டாக வெட்டி "பிடிச்ச", அப்புறம் "றாதீங்க" என்று விடுவது ஒரு வழி. ஆனால் பாதி வார்த்தை திரையில் நிற்பதைப் பார்த்தால் பிழை என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். நான் செய்வது வேறு. முழு வார்த்தையும் வெள்ளையில் "பி"யில் விழும். அதே வார்த்தைக்குள் "றா" என்ற அசையின் உயிரில் இரண்டாவது குறி ஒன்று வைத்து, அந்த இடத்தில் வார்த்தை முழுவதையும் சிவப்பாக மாற்றுவேன். கண் முன்பே படித்திருந்தாலும் அடி விழுவது காதோடு சேர்ந்தே விழும். "வரலைன்னா", "விக்காதீங்க", "முடியாதுங்க" என்று எதிர்மறை ஒட்டி வருகிற எந்த வார்த்தைக்கும் இது உதவும். ஒரு அரை நிமிஷ வீடியோவில் இரண்டு இடத்துக்கு மேல் செய்தால் சலிக்கும்.

எண்களுக்கும் கொஞ்சம் இப்படித்தான். "பத்துப் பதினஞ்சு நாள் காயணுமுங்க" என்று சொல்லும்போது திரையில் "10–15 நாள்" என்று ஒரே அடியாகப் போட்டால் கண் அரை நொடி முன்னால் போய் நின்றுகொள்ளும். பத்துக்கு 10, பதினஞ்சுக்கு 15, நாளுக்கு நாள் என்று மூன்று குறியாக வையுங்கள். எண் எழுத்தைவிடச் சீக்கிரம் படிக்கப்படும் என்பதால் இங்கே மட்டும் அரை நொடிக் கட்டுப்பாட்டையும், வலி மிகுந்த இடத்தில் துண்டு போடாத விதியையும் தளர்த்தலாம்.

குறிகள் சரியாக விழுந்ததா என்பதைக் கண்ணால் சோதிக்காதீர்கள். எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிப்போய் எதையும் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பதில் ஒவ்வொரு குறியிலும் ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு "டிக்" ஒலியை வைத்து, குரலோடு சேர்த்துக் கண்ணை மூடிக் கேளுங்கள். குறி சரியென்றால் டிக் அசைக்குள் அமுங்கிவிடும். முந்தியிருந்தால் "டிக்-சத்தம்" என்று இரண்டாகக் கேட்கும். பிந்தியிருந்தால் வார்த்தைக்கு நடுவில் குத்தும். கண்ணுக்குத் தப்புகிற விலகல் காதில் மாட்டிக்கொள்ளும். முதல் ஐந்து குறியை இப்படிச் சோதித்தாலே உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் மீதியைத் திருத்துவது சுலபம். சோதித்து முடித்ததும் டிக் டிராக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

படத்தைப் பார்த்து எழுத்தைச் சரிசெய்கிற வேலையைப் புளூடூத் ஹெட்போனில் செய்யவே கூடாது. புளூடூத்தில் ஒலி சாதாரணமாக ஐந்தில் ஒரு நொடி வரை பிந்தி வரும். டிக்கும் குரலும் சேர்ந்தே பிந்துவதால் டிக் சோதனை தப்பாது. ஆனால் அதே ஹெட்போனோடு படத்தைப் பார்த்து எழுத்தை நகர்த்தினால் எல்லா எழுத்தையும் நான்கைந்து ஃப்ரேம் பின்னால் தள்ளிவிடுவீர்கள். கம்பி வைத்த ஹெட்போனோ கணினியின் ஸ்பீக்கரோ போதும்.

ஃபைல் பக்கம் இரண்டே விஷயம். குரலை எம்பி3-ஆக வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அதன் குறியாக்கத்தில் தலைப்பக்கம் சிறு வெற்றொலி சேரும், சில மென்பொருள் அதை நீக்கும், சில நீக்காது. வேவ் ஃபைலாக எடுங்கள். இரண்டாவது, தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகுகிறது என்றால் ஃப்ரேம் வேகம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். 30 என்று கணக்குப் போட்டு 29.97-ல் ஓடவிட்டால் ஒரு நிமிஷத்தில் இரண்டு ஃப்ரேம் போல விலகும். உங்கள் அரை நிமிஷத்துக்கு அது ஒரு ஃப்ரேம்தான், கவலை வேண்டாம். ஆனால் 25-க்குப் போட்ட எண்ணை 30 வீடியோவில் வைத்தால் ஐந்தாவது நொடியிலேயே கிட்டத்தட்ட ஒரு நொடி முந்திவிடும்.

கைன்மாஸ்டர் போன்ற செல்போன் செயலியில் செய்கிறீர்கள் என்றால் இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் கையால் நகர்த்த வேண்டியதுதான். அரை நிமிஷ வசனத்துக்கு முப்பது குறிக்குள் முடிந்துவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருந்தால் குரல் லேயருக்கு VO என்று பெயர் வைத்து, குறிகளை அதிலேயே போடுங்கள். லேயரைத் தேர்ந்தெடுத்து எண் பலகையில் உள்ள * விசையை அழுத்தினால் மார்க்கர் விழும், அதன் கமெண்டில் துண்டை எழுதுங்கள். பிறகு ஒரு எழுத்து லேயரின் Source Text-ல் இதைப் போட்டால் அந்தந்தத் துண்டு அதனதன் குறியில் தானாக மாறும்:

```
var m = thisComp.layer("VO").marker;
var t = time + thisComp.frameDuration;
var n = 0;
if (m.numKeys > 0) {
  n = m.nearestKey(t).index;
  if (m.key(n).time > t) n--;
}
n > 0 ? m.key(n).comment : "";
```

இரண்டாவது வரியில் சேர்த்திருக்கும் frameDuration-தான் அந்த ஒரு ஃப்ரேம் முந்தல். குறியை உயிரிலேயே வைத்துவிட்டு முந்தலை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். திரையைத் துடைக்க வேண்டிய இடத்தில் கமெண்டில் ஒரு வெற்றிடம் மட்டும் போட்ட மார்க்கர் வையுங்கள். துண்டு ஒரே ஃப்ரேமில் மாறும். எழும்பி வர வேண்டியவற்றைத் தனி லேயராகத்தான் செய்ய வேண்டும். அந்த லேயர்களில் எழுத்து எழுத்தாக வருகிற அனிமேஷனைத் தொடாதீர்கள். கொ, கெ, கை எல்லாம் கொம்பு வேறு உடம்பு வேறாகச் சிதற வாய்ப்பு உண்டு. Range Selector-ல் Based On என்பதை Words என்று மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒன்று, இந்த வீடியோ எங்கே ஓடப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு என்றால் மேலே சொன்ன ஒரு ஃப்ரேம் முந்தல் போதும். ஏலம் நடக்கிற கூடத்தில் முன்பக்கம் திரை வைத்து, அதற்குப் பக்கத்திலேயே ஒலிபெருக்கி என்றால், ஒலி கிட்டத்தட்ட 14 மீட்டர் போவதற்கே ஒரு ஃப்ரேம் நேரம் ஆகும். கூடத்தின் கடைசியில் நிற்கிறவருக்குக் குரல் இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்தித்தான் போய்ச் சேரும். அதற்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்து, முந்தலைச் சுழியமாக்கிவிடுங்கள். அந்த இரண்டாவது வரியை `var t = time;` என்று மாற்றினால் போதும். எழும்பி வருகிற தனி லேயர்களை மட்டும் ஒரு ஃப்ரேம் பின்னால் கையால் நகர்த்த வேண்டியிருக்கும்.